நூறு ரூபாய்ப் பத்திரம் 96 ரூபாய்க்கு: கூப்பன் வரவிலிருந்து ஈட்டம் காண்பது

முகமதிப்புக்குக் குறைந்த விலையில் வாங்கிய கடன் பத்திரம் இரண்டு வழிகளில் வருமானம் தருகிறது. ஒன்று, குறித்த தேதிகளில் வங்கிக் கணக்கில் வந்து சேரும் கூப்பன் எனப்படும் வட்டி. மற்றொன்று, முதிர்வு நாளில் முழு முகமதிப்பும் கைக்கு வரும்போது கிடைக்கும் விலை வித்தியாசம். முதல் வருமானம் வரவுப் பதிவில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, முதிர்வு நாள் வரை எந்தப் பதிவிலும் தெரியாது. நடப்பு ஈட்டம் முதல் வருமானத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முதிர்வு ஈட்டம் இரண்டையும் அவை வந்து சேரும் காலத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறது. சந்தையில் முன்னதைக் கரண்ட் யீல்டு என்றும், பின்னதை ஒய்.டி.எம். என்றும் சொல்வார்கள்.

இந்திய அரசின் ‘6.54% GS 2032’ என்ற பத்திரம் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு. இது 2022 ஜனவரியில் வெளியானது. 2032 ஜனவரி 17 அன்று முதிர்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 17, ஜூலை 17 ஆகிய இரு நாள்களில் கூப்பன் தருகிறது. வெளியான சில மாதங்களிலேயே வட்டிச் சூழல் மாறியது. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதம் வரை உயர்த்தியது. அதற்கேற்ப அரசு புதிதாக வெளியிட்ட பத்திரங்களும் 7.26%, 7.18% என்று கூடுதல் கூப்பனோடு வந்தன. நூறு ரூபாய்க்கு ஆண்டுக்கு 7.18 ரூபாய் தரும் பத்திரம் கிடைக்கும்போது, 6.54 ரூபாய் மட்டுமே தரும் பழைய பத்திரத்தை யாரும் நூறு ரூபாய் கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆகவே அதன் விலை நூறுக்குக் கீழே இறங்கியது. இறங்கிய அந்தத் தொகைதான் கழிவு. குறைந்த கூப்பனுக்கு ஈடாக, வாங்குபவருக்குக் கடைசியில் கிடைக்கும் தொகை அது.

இந்தப் பத்திரத்தில் ஒரு லட்சம் ரூபாய் முகமதிப்பு வைத்திருப்பவரின் வங்கிக் கணக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,270 ரூபாய் வரவு வரும். பதிவில் தெரிவது இந்தத் தொகையும் அது வந்த தேதியும் மட்டுமே. அதிலிருந்து கூப்பன் வீதத்தைக் காண்பது எளிது. அடுத்தடுத்த இரண்டு வரவுகளைக் கூட்டினால் ஓர் ஆண்டின் கூப்பன் 6,540 ரூபாய். அதை முகமதிப்பான ஒரு லட்சத்தால் வகுத்தால் 6.54%. பத்திரத்தின் பெயரில் உள்ள வீதத்தோடு இது ஒத்துப்போனால் பதிவு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஒத்துப்போகவில்லை என்றால், மேற்கொண்டு எந்தக் கணக்கும் போடுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிழையான கூப்பன் தொகையிலிருந்து புறப்படும் கணக்கு எத்தனை நுணுக்கமாகப் போட்டாலும் பிழையாகவே முடியும்.

பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் சில காரணங்களே இருக்கும். தனியார் நிறுவனப் பத்திரங்களில் வட்டி தரும்போதே 10% வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். 3,270 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2,943 ரூபாய் வந்திருந்தால் காரணம் இதுவே, அதை 0.9 ஆல் வகுத்தால் முழுக் கூப்பன் திரும்பக் கிடைத்துவிடும். பிடித்த வரியும் முதலீட்டாளரின் பணம்தான், அவர் பெயரில் அரசுக்குச் செலுத்தப்பட்டது என்பதால் ஈட்டக் கணக்கில் முழுத் தொகையையே எடுக்க வேண்டும். வழக்கமான மத்திய அரசுப் பத்திரங்களின் கூப்பனில் இந்தப் பிடித்தம் கிடையாது. வரவு திடீரென்று 3,270-லிருந்து 4,905 ஆக உயர்ந்திருந்தால், இடையில் மேலும் 50,000 ரூபாய் முகமதிப்பு வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு கொள்முதலும் வேறு வேறு விலையில், வேறு வேறு நாளில் நடந்தவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஈட்டம் காண வேண்டும். எந்தக் கொள்முதலும் இல்லாமலேயே வரவு தவணைக்குத் தவணை மாறுகிறது என்றால் அது மிதவை வட்டிப் பத்திரமாக இருக்கலாம். அப்படியென்றால் வருங்காலக் கூப்பன்கள் இன்னும் தீர்மானமாகவில்லை. இங்கே விவரிக்கும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

தேதியிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. 2022 ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை. அரசுப் பத்திரத்தின் கூப்பன் நாள் விடுமுறையில் விழுந்தால் பணம் அடுத்த வேலை நாளில் வரும் என்பது விதி. தாமதமான அந்த ஒரு நாளுக்குக் கூடுதல் வட்டி இல்லை. கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது வரவு விழுந்த தேதியை அல்ல, பத்திரத்தில் குறித்த கூப்பன் தேதியை. முதிர்வு நாள் விடுமுறையானால் மட்டும் விதி தலைகீழாகிறது. அசல் முந்தைய வேலை நாளிலேயே கிடைத்துவிடும்.

இனி கணக்கு. ஒருவர் இந்தப் பத்திரத்தை 2024 ஜனவரி 17 அன்று, நூறு ரூபாய் முகமதிப்புக்கு 96 ரூபாய் என்ற விலையில், ஒரு லட்சம் முகமதிப்புக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 96 என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட முழு எண். கூப்பன் நாளிலேயே வாங்கியதால், அதுவரை சேர்ந்த வட்டி என்று எதுவும் இல்லை. அவர் கொடுப்பது 96,000 ரூபாய் மட்டுமே. முதிர்வுக்குச் சரியாக எட்டு ஆண்டுகள் உள்ளன. அதாவது 3,270 ரூபாய் வீதம் 16 கூப்பன்களும், பதினாறாவது கூப்பனோடு ஒரு லட்சம் ரூபாய் அசலும் வர வேண்டும்.

நடப்பு ஈட்டத்துக்கு ஒரு வகுத்தல் போதும். ஓராண்டுக் கூப்பன் 6,540 ரூபாயை, வாங்கிய விலை 96,000 ரூபாயால் வகுத்தால் 6.81%. இங்கே அடிக்கடி நிகழும் தவறு, ஒரு வரவை மட்டும் எடுத்து வகுப்பது. 3,270-ஐ 96,000-ஆல் வகுத்தால் 3.41% வரும், அது அரையாண்டுக்கானது. இன்னொரு தவறு, முகமதிப்பால் வகுப்பது. அப்படி வகுத்தால் மீண்டும் 6.54% கூப்பன் வீதம்தான் வரும். குறைந்த விலையில் வாங்கியதன் பயன் கணக்கிலேயே வராது.

நடப்பு ஈட்டம் ஒரு கேள்விக்குச் சரியான விடை தருகிறது: போட்ட பணத்துக்கு ஆண்டுதோறும் கையில் எவ்வளவு வரும்? ஓய்வூதியம்போல மாதச் செலவுக்குக் கூப்பனை நம்பியிருப்பவருக்கு அந்த விடை தேவையானதுதான். ஆனால் முதலீடு எவ்வளவு லாபகரமானது என்பதை அது சொல்லாது. இதே 6.54% கூப்பனுடன், இதே 96 ரூபாய் விலையில் மூன்று பத்திரங்கள் இருப்பதாகவும், ஒன்று 2 ஆண்டுகளிலும், ஒன்று 8 ஆண்டுகளிலும், ஒன்று 20 ஆண்டுகளிலும் முதிர்வதாகவும் கொள்வோம். மூன்றுக்கும் நடப்பு ஈட்டம் ஒரே 6.81% தான். முதிர்வு ஈட்டமோ முறையே 8.76%, 7.21%, 6.91% என்று வருகிறது. நான்கு ரூபாய்க் கழிவை இரண்டே ஆண்டில் பெறுவதற்கும் இருபது ஆண்டு காத்திருந்து பெறுவதற்கும் உள்ள வேறுபாடு அது. அந்த வேறுபாடு நடப்பு ஈட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

முதிர்வு ஈட்டம் என்பது ஒரு வட்டி வீதம். வரவிருக்கும் ஒவ்வொரு தொகையையும் அந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குத் தள்ளிக் கூட்டினால், கொடுத்த விலை சரியாக வர வேண்டும். அப்படி வரவைக்கும் வீதம் எதுவோ அதுவே முதிர்வு ஈட்டம். அரையாண்டுக் கூப்பன் பத்திரத்துக்கு இந்தச் சமன்பாடு இப்படி அமையும்:

```
P = C/(1+r) + C/(1+r)^2 + ... + (C+F)/(1+r)^n
```

இதில் P வாங்கிய விலை, C ஒரு தவணைக் கூப்பன், F முகமதிப்பு, n மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, r ஒரு அரையாண்டுக்கான ஈட்டம். நம் எடுத்துக்காட்டில் P = 96, C = 3.27, F = 100, n = 16. தேடுவது r மட்டுமே. தேடும் எண் பதினாறு இடங்களில் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் அதைத் தனியே பிரித்து எடுக்க நேரடி வழி இல்லை. ஒரு வீதத்தை ஊகித்துப் போட்டுப் பார்த்து, வந்த விலையைக் கண்டு ஊகத்தைத் திருத்த வேண்டும். கணினி செய்வதும் இதையேதான். வேகமாகச் செய்கிறது, அவ்வளவே.

முதல் ஊகம் கண்ணைக் கட்டிக்கொண்டு போட வேண்டியதில்லை. நான்கு ரூபாய்க் கழிவை எட்டு ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு அரை ரூபாய். அதைக் கூப்பனோடு சேர்த்தால் 7.04 ரூபாய். வாங்கிய விலைக்கும் முகமதிப்புக்கும் நடுவில் உள்ள 98 ரூபாயால் வகுத்தால் 7.18%. இந்தத் தோராய வழி பாடநூல்களில் வெகுகாலமாக இருக்கிறது. கழிவு சிறியதாக இருக்கும்வரை உண்மைக்கு மிக அருகில் வரும். கழிவு பெரிதாகவும் காலம் நீண்டதாகவும் இருந்தால் அது தடுமாறும். இதே கூப்பனுள்ள 20 ஆண்டுப் பத்திரம் 70 ரூபாய்க்குக் கிடைத்தால் தோராய வழி 9.46% என்று சொல்லும். உண்மையான முதிர்வு ஈட்டம் சுமார் 10.05%. ஆகவே ஊகத்தைத் தொடங்கி வைக்க மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது, முடிவாகக் கொள்வது நல்லதல்ல.

இனி ஊகத்தைச் சோதிக்கலாம். ஆண்டுக்கு 7%, அதாவது அரையாண்டுக்கு 3.5% என்று போட்டால், பதினாறு கூப்பன்களும் அசலும் சேர்ந்து இன்றைய மதிப்பில் 97.22 ரூபாய் ஆகின்றன. கொடுத்த விலை 96 தான். வீதம் கூடினால் இன்றைய மதிப்பு குறையும் என்பதால், ஊகத்தை உயர்த்த வேண்டும். 7.2%, அதாவது அரையாண்டுக்கு 3.6% போட்டால் 96.04 ரூபாய். இந்தப் படியில் எண்கள் எப்படி அமைகின்றன என்பதை ஒரு லட்சம் முகமதிப்புக்குப் பார்த்தால் கணக்கின் உள்ளே நடப்பது தெளிவாகும். முதல் கூப்பன் 3,270 ரூபாயின் இன்றைய மதிப்பு 3,156 ரூபாய். இரண்டாவதன் மதிப்பு 3,047. எட்டு ஆண்டு கழித்து வரும் பதினாறாவதன் மதிப்பு 1,857 மட்டுமே. பதினாறையும் கூட்டினால் 39,252.40. கடைசியில் வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு 56,786.34. மொத்தம் ஏறக்குறைய 96,039.

96,000-க்கு இன்னும் 39 ரூபாய் அதிகம். அடுத்து 7.3% போட்டுப் பார்த்தால் 95.46 ரூபாய் வருகிறது. இப்போது விலைக்குக் கீழே இறங்கிவிட்டது. விடை 7.2-க்கும் 7.3-க்கும் நடுவில், 7.2-க்கு மிக அருகில் இருக்கிறது. 7.2-லிருந்து 7.3-க்குப் போகும்போது விலை 58 காசு இறங்குகிறது. நமக்கு இறங்க வேண்டியது ஏறக்குறைய 4 காசு மட்டும். அந்த விகிதத்தில் பிரித்தால் 7.207% கிடைக்கிறது. இரண்டு தசமத்தில் சொன்னால் முதிர்வு ஈட்டம் 7.21%.

விடை சரியா என்று பார்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. முகமதிப்புக்குக் குறைந்து வாங்கிய பத்திரத்தில் கூப்பன் வீதம் எல்லாவற்றிலும் சிறியதாகவும், நடப்பு ஈட்டம் அதைவிடப் பெரியதாகவும், முதிர்வு ஈட்டம் எல்லாவற்றிலும் பெரியதாகவும் இருக்க வேண்டும். இங்கே 6.54, 6.81, 7.21 என்று வரிசை ஒழுங்காக இருக்கிறது. இந்த வரிசை குலைந்தால் எங்கோ ஓர் எண் தவறாகப் போயிருக்கிறது.

இந்த 7.21% எதன்மீது கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பத்திரத்தை ஒரு வங்கிக் கணக்கைப் போலப் பதிந்து பார்க்கலாம். தொடக்க இருப்பு 96,000 ரூபாய். அரையாண்டு வீதமான 3.6033%-இல் முதல் ஆறு மாதத்துக்கு உரிய வருமானம் 3,459 ரூபாய். கையில் வந்தது 3,270. மீதி 189 ரூபாய் கைக்கு வராமல் பத்திரத்துக்குள்ளேயே தங்கி, இருப்பை 96,189 ஆக்குகிறது. அடுத்த ஆறு மாதத்தில் உரிய வருமானம் 3,466, வந்தது 3,270, தங்கியது 196, இருப்பு 96,385. இப்படித் தவணைக்குத் தவணை தங்கும் தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசித் தவணையில் 322 ரூபாயை எட்டுகிறது. பதினாறு தவணைகளும் முடியும்போது இருப்பு சரியாக ஒரு லட்சம் ஆகிவிடுகிறது. முதிர்வு நாளில் அந்த ஒரு லட்சமும் கைக்கு வருகிறது. நான்காயிரம் ரூபாய்க் கழிவு முதிர்வு நாளில் திடீரென்று விழுவதாகத் தோன்றினாலும், கணக்கின்படி அது எட்டு ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

முதிர்வு ஈட்டம் பற்றிப் பலரும் எழுதும் ஒரு கருத்தை இந்தப் பதிவைக் கொண்டு திருத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது. வரும் கூப்பன்களை எல்லாம் அதே வீதத்தில் மறுமுதலீடு செய்தால்தான் முதிர்வு ஈட்டம் கிடைக்கும் என்பார்கள். மேலே உள்ள பதிவில் மறுமுதலீடு எங்கும் இல்லை. கூப்பனை வாங்கிச் செலவு செய்தாலும், பத்திரத்தில் இன்னும் தங்கியிருக்கும் இருப்பின்மீது 7.21% கிடைத்துக்கொண்டே இருக்கிறது. மறுமுதலீட்டுக் கேள்வி எழுவது வேறோர் இடத்தில். போட்ட 96,000 ரூபாய் எட்டு ஆண்டு முடிவில் மொத்தமாக எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டால், கூப்பன்கள் எங்கே போயின என்பது முக்கியமாகிறது. அவற்றை ஆண்டுக்கு 6%, அதாவது அரையாண்டுக்கு 3% தரும் இடத்தில் போட்டுவந்தால் முடிவில் கூப்பன் பணம் 65,913 ரூபாயாக வளர்ந்திருக்கும். அசலோடு சேர்த்து 1,65,913. 96,000 ரூபாய் இந்தத் தொகையாக வளர்வதற்கு ஆண்டு வீதம் 6.96%. அதே 7.21%-இல் போட முடிந்தால் மட்டுமே மொத்த வளர்ச்சியும் 7.21% ஆகும். வட்டி வீதங்கள் இறங்கும் காலத்தில் கூப்பனை மறுபடி முதலீடு செய்ய நினைப்பவர் இந்த இடைவெளியை மனத்தில் வைக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது கூப்பன் நாளிலேயே வாங்கிய எளிய நிலை. உண்மையில் பெரும்பாலான கொள்முதல்கள் இரண்டு கூப்பன் நாள்களுக்கு நடுவில்தான் நடக்கின்றன. பிழைகளும் அங்கேதான் அதிகம். அதே பத்திரத்தை அதே 96 ரூபாய் விலையில், 2024 மே 2 அன்று பணம் கொடுத்து வாங்குவதாகக் கொள்வோம். முந்தைய கூப்பன் ஜனவரி 17 அன்று விற்பவருக்குப் போய்விட்டது. அடுத்தது ஜூலை 17 அன்று முழுதாக வாங்குபவருக்கு வரும். ஆனால் அதில் ஜனவரி 17 முதல் மே 2 வரையிலான பங்கு விற்பவருக்கு உரியது. அந்தப் பங்கை வாங்குபவர் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இதுவே சேர்ந்த வட்டி.

இந்திய அரசுப் பத்திரங்களில் ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற வழக்கில் இதைக் கணக்கிடுவார்கள். ஜனவரி 17 முதல் மே 2 வரை மூன்று மாதமும் பதினைந்து நாளும், ஆக 105 நாள். 6.54-ஐ 105-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நூறு ரூபாய்க்கு 1.9075 ரூபாய். ஒரு லட்சத்துக்கு 1,907.50 ரூபாய். ஆகவே வாங்குபவரின் கணக்கிலிருந்து போவது 96,000 அல்ல, 97,907.50 ரூபாய். சந்தையில் சொல்லப்படும் 96 என்பது சேர்ந்த வட்டி சேராத விலை.

இரண்டு ஈட்டங்களும் இந்த இரண்டு விலைகளை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. நடப்பு ஈட்டத்துக்குச் சேர்ந்த வட்டி சேராத 96 தான் சரி. விடை முன்போலவே 6.81%. வங்கியிலிருந்து போன 97,907.50-ஆல் வகுப்பவருக்கு 6.68% வரும். அது குறைத்துக் காட்டும் எண். ஏனென்றால் கூடுதலாகக் கொடுத்த 1,907.50 ரூபாய் ஜூலைக் கூப்பனோடு திரும்பி வந்துவிடும். முதிர்வு ஈட்டத்துக்கோ, உண்மையில் கொடுத்த முழுத் தொகையையே எடுக்க வேண்டும். முதல் கூப்பனுக்கு 180 நாளில் 75 நாள் மட்டுமே மீதி என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போது விடை 7.22%. சேர்ந்த வட்டியை மறந்து, 96,000 மட்டும் கொடுத்ததாகவும் 75 நாளில் முழுக் கூப்பன் வந்ததாகவும் கணக்கிட்டால் 7.56% என்று வரும். இல்லாத லாபத்தை இருப்பதாகக் காட்டும் பிழை இது. வரவுப் பதிவை மட்டும் வைத்துக் கணக்கிடுபவர்கள் இதில் விழுவது எளிது. காரணம், கொடுத்த சேர்ந்த வட்டி கூப்பன் பதிவில் இருக்காது. கொள்முதலின்போது தந்த ஒப்பந்தக் குறிப்பில்தான் தனி வரியாக இருக்கும். அந்தத் தாளும் கூப்பன் பதிவும் அருகருகே இல்லாமல் முதிர்வு ஈட்டத்தைக் கணக்கிட முயல்வது வீண்.

இந்தக் கணக்கை எக்செல் போன்ற விரிதாளில் ஒரே வரியில் போடலாம்:

```
=YIELD(DATE(2024,5,2),DATE(2032,1,17),6.54%,96,100,2,4)
```

பணம் கொடுத்த நாள், முதிர்வு நாள், கூப்பன் வீதம், சேர்ந்த வட்டி சேராத விலை, முகமதிப்பு, ஆண்டுக்கு எத்தனை கூப்பன், நாள் எண்ணும் வழக்கு என்று வரிசை. கடைசியில் உள்ள 4 என்பது 30/360 வழக்கைக் குறிக்கிறது. இந்தச் சூத்திரம் சேர்ந்த வட்டியைத் தானே கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே விலையாக 97.9075 கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் சேர்ந்த வட்டி இரண்டு முறை சேர்ந்துவிடும்.

வரவுகளையும் தேதிகளையும் அப்படியே இரண்டு நெடுவரிசையில் எழுதி `XIRR` சூத்திரத்தால் கணக்கிடுவோரும் உண்டு. அவர்களுக்கு வரும் விடை சற்று அதிகமாக இருக்கும். முதல் எடுத்துக்காட்டில் 7.21-க்குப் பதில் ஏறத்தாழ 7.34%. இது பிழை அல்ல. பத்திரச் சந்தையில் அரையாண்டு வீதத்தை வெறுமனே இரண்டால் பெருக்கிச் சொல்வது வழக்கம். XIRR அதைக் கூட்டுவட்டியாக்கி ஆண்டு வீதம் சொல்கிறது. ஒரு பத்திரத்தை இன்னொரு பத்திரத்தோடு ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வழியைப் பயன்படுத்த வேண்டும். வங்கி வைப்பு நிதியின் ஆண்டுக் கூட்டு வீதத்தோடு ஒப்பிடுவதானால் 7.34 தான் பொருத்தம்.

வரியை இந்த எண்கள் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை. கூப்பன் ஆண்டுதோறும் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி வீதத்தில் வரிக்கு உட்படும். நான்காயிரம் ரூபாய்க் கழிவோ கடைசியில் மூலதன ஆதாயமாகக் கணக்கிடப்படும். ஆகவே ஒரே முதிர்வு ஈட்டம் உள்ள இரண்டு பத்திரங்களில், எது கூப்பனால் அதிகம் தருகிறது, எது கழிவால் அதிகம் தருகிறது என்பதைப் பொறுத்து வரிக்குப் பிந்தைய வருமானம் மாறலாம்.

முதிர்வுவரை வைத்திருக்காமல் இடையில் விற்றால் 7.21% என்ற எண்ணுக்குப் பிணைப்பு போய்விடுகிறது. அப்போது கூப்பன் பதிவைக் கொண்டு, வைத்திருந்த காலத்துக்கான ஈட்டத்தை அதே முறையில் புதிதாகக் காண வேண்டும். முகமதிப்பின் இடத்தில் விற்ற விலை வரும், அவ்வளவுதான். 2024 ஜனவரி 17 அன்று 96 ரூபாய்க்கு வாங்கியவர், மூன்று கூப்பன்களை வாங்கிக்கொண்டு 2025 ஜூலை 17 அன்று 98 ரூபாய்க்கு விற்றதாக வைத்தால், அவருடைய ஈட்டம் ஆண்டுக்கு 8.15%. 95 ரூபாய்க்கு விற்க நேர்ந்திருந்தால் 6.14%. இரண்டுக்கும் நடுவில் எந்த விலையில் விற்றால் பழைய 7.21% அப்படியே கிடைத்திருக்கும் என்பதை மேலே எழுதிய இருப்புப் பதிவே சொல்லிவிடும். மூன்றாவது தவணை முடிவில் அந்த இருப்பு 96,588 ரூபாய். நூறு ரூபாய் முகமதிப்புக்கு 96.59. அதற்கு மேல் விற்றால் வாங்கியபோது கணக்கிட்ட முதிர்வு ஈட்டத்தைவிடக் கூடுதல், அதற்குக் கீழே விற்றால் குறைவு.